பூ-எர் உறையில் என்ன எழுதியிருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

சீனத் தேயிலைகளில் ஊலாங், பூ-எர் என்ற இரண்டு பெயர்களைப் பலர் கேட்டிருப்பீர்கள். இவற்றுள் ஊலாங் என்றால் கருப்பு டிராகன். இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதற்குக் கதைகள் பல. அவற்றை நம்ப வேண்டியதில்லை. வணிகத்தில் அது ஒரு செய்முறையின் பெயர். பறித்த இலையை வாடவிட்டு, குலுக்கி, விளிம்புகளை மட்டும் கசக்குவார்கள். கசங்கிய இடம் காற்றுப்பட்டுச் சிவக்கும். அது முழுவதும் சிவப்பதற்குள் சூடுகாட்டி நிறுத்திவிடுவார்கள். பழைய முறையில் செய்த ஊலாங்காக இருந்தால், குடித்து முடித்த பின் இலையை விரித்துப் பாருங்கள்: நடுவில் பச்சை, ஓரத்தில் சிவப்பு.

பூ-எர் அப்படியல்ல, அது ஊர்ப்பெயர். தென்மேற்குச் சீனாவின் யுன்னான் மாநிலத்து மலைகளில் விளைந்த இலை பூ-எர் என்ற சந்தை ஊருக்கு வந்து விலைபோனது. விளைந்த மலைகளை விட்டுவிட்டு, விற்ற ஊரின் பெயரே இலைக்கு ஒட்டிக்கொண்டது. பிறகு இலையின் புகழ் ஊர்ப்பெயரையே மாற்றியது. சிமாவ் என்ற நகரம் 2007-இல் தன்னைப் பூ-எர் என்று மாற்றிக்கொண்டது. வியாபாரம் தெரிந்தவர்கள்!

இன்றைய சீனத் தரவிதிப்படி, யுன்னானின் பெரிய இலை வகையைப் பறித்து, வெயிலில் உலர்த்திச் செய்ததே பூ-எர். அதிலும் இரண்டு உண்டு. 'ஷெங்' என்பது பச்சை. வட்டமாக அழுத்தி வைத்தால் ஆண்டுக்கணக்கில் மெதுவாக முதிரும். 'ஷூ' என்பது வெந்தது. அதற்கு அடுப்பு வேண்டாம். இலையை நனைத்துக் குவித்து மூடிவைத்தால் நுண்ணுயிர்கள் பெருகிக் குவியலே சூடேறும். அவ்வப்போது கிளறி, ஒன்றரை மாதம் போல விட்டால் இலை கருத்துப்போகும். கிளறத் தவறினால் உட்புறம் அழுகும். அந்த வாடை கோப்பையிலும் வரும். இந்த முறை 1973-இல் குன்மிங் தொழிற்சாலையில் உருவானது. ஆகவே அதற்கு முந்தைய ஆண்டு போட்ட 'ஷூ' வட்டை யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.

உறையில் சில சமயம் 7572 என்பது போல நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டும் அந்தக் கலவை வகுக்கப்பட்ட ஆண்டு, 1975. மூன்றாவது இலக்கம் இலையின் தரம்: எண் கூடக்கூட இலை முற்றியது, பெரியது. 7 என்றால் ஓரளவு பெரிய இலை. நான்காவது தொழிற்சாலை: 1 குன்மிங், 2 மெங்ஹாய், 3 சியாகுவான்.

ஏமாறுகிற இடமும் இதுதான். 75 என்பது கலவையின் ஆண்டே தவிர, உங்கள் கையிலிருக்கும் வட்டு செய்யப்பட்ட ஆண்டு அல்ல. போன வருடம் அழுத்திய வட்டிலும் அதே 7572 தான் இருக்கும். தயாரித்த தேதி உறையின் பின்புறம் தனியாக அச்சிட்டிருக்கும். விலை பேசுமுன் அதைத் திருப்பிப் பாருங்கள்.

நன்றி, வணக்கம்.