அபஸ்வரத்துக்குச் சுருதி சேர்த்தவர்கள்

[ஒலி: பன்னிரண்டு கம்பி எலெக்ட்ரிக் கிட்டாரில் ஒரு கீறல். சட்டென்று நிற்கிறது. மறுபடி கீறல்.]

ஹெட்ஃபோன் போட்டிருந்தால் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேட்டது நாம் இங்கே வாசித்துக் காட்டிய மாதிரிதான். இதன் மூலவர் ஆர்ட்டோ லிண்ட்சே. 1970களின் கடைசியில் நியூயார்க்கில் டி.என்.ஏ. என்று மூன்று பேர் கொண்ட ஒரு இசைக்குழு. அதில் பாட்டும் கிட்டாரும் அவர். கையில் ஒரு டேன்எலெக்ட்ரோ கிட்டார். அதற்கு அவர் சுருதியே சேர்க்க மாட்டார். பல சுரங்களை ஒன்றாக ஒலிக்க வைக்கும் கார்ட் எதுவும் அவருக்குத் தெரியாது. டிரம்ஸ் வாசித்த இக்குவே மோரி 1977ல் டோக்கியோவிலிருந்து வந்தவர். அதற்கு முன் டிரம்ஸைத் தொட்டதில்லை.

வாசிக்கத் தெரியாதவர்கள் போட்ட கூச்சல் என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் ஒரு சோதனை இருக்கிறது. டி.என்.ஏ. பாட்டு ஏதாவது ஒன்றை எடுத்து, சுரத்தை விட்டுவிட்டு, எங்கே நிற்கிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். மூன்று பேரும் ஒரே நொடியில் நிற்பார்கள், ஒரே நொடியில் தொடங்குவார்கள். தற்செயலாக அப்படி நடக்காது, ஒத்திகை வேண்டும். சுருதியைக் கைவிட்டவர்கள் காலப்பிரமாணத்தைக் கைவிடவில்லை. லிண்ட்சேயின் கிட்டார் கிட்டத்தட்ட ஒரு தாளவாத்தியம். தட்டுவதற்கும் கீறுவதற்கும் சுருதி எதற்கு?

[திரை: 1978 மே. ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ், நியூயார்க்.]

இந்த மாதிரிக் குழுக்கள் 1978 மே மாதத்தில் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஸ்பேஸ் என்ற ஓவியக்கூடத்தில் சில இரவுகள் தொடர்ந்து வாசித்தன. பார்க்க வந்தவர்களில் ஒருவர் இசைத் தயாரிப்பாளர் பிரையன் ஈனோ. அவர் நான்கு குழுக்களைத் தேர்ந்தெடுத்து, ஆளுக்கு நான்கு பாட்டு வீதம் ‘நோ நியூயார்க்’ என்ற ஆல்பமாகத் தயாரித்தார். டி.என்.ஏ., மார்ஸ், டீனேஜ் ஜீசஸ் அண்ட் தி ஜெர்க்ஸ், ஜேம்ஸ் சான்ஸின் கன்டார்ஷன்ஸ். இந்த மாதிரி இசைக்கு ‘நோ வேவ்’ என்று பெயர். அந்தப் பெயரைச் சொன்னதும் இன்று எல்லாரும் சொல்வது இந்த நான்கு குழுக்களைத்தான். இதில் மார்ஸை முழுதாகக் கேட்டு முடிப்பது எனக்கு இன்றும் கஷ்டம்.

அந்த ஆல்பத்தில் இடம் கிடைக்காத ஒருவரிடம்தான் நம் கதை திரும்புகிறது. தியரிட்டிக்கல் கேர்ள்ஸ் என்ற குழுவில் இருந்த கிளென் பிராங்கா. லிண்ட்சே சுருதியைத் தூக்கி எறிந்தார் என்றால், பிராங்கா அதைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

[ஒலி: இரண்டு கம்பிகள், ஒரே சுரம். ஒன்றின் சுருதி மெதுவாக ஏறுகிறது.]

கவனமாகக் கேளுங்கள். இரண்டு கம்பியும் விநாடிக்கு 440 அதிர்வு. ஒன்றை 443க்கு ஏற்றுகிறோம். ‘வவ்... வவ்... வவ்’ என்று சத்தம் கூடிக் குறைகிறது, அல்லவா? இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 3, அதனால் விநாடிக்கு மூன்று தடவை. பள்ளி இயற்பியலில் இதற்கு விம்மல் என்று பெயர். தம்புராவுக்குச் சுருதி சேர்ப்பவர் இந்த விம்மல் அடங்கும் வரைதான் திருகிக்கொண்டிருப்பார்.

இன்னும் ஏற்றுவோம். 450... 460... 466. இதுதான் பக்கத்து சுரம். விம்மல் இப்போது விநாடிக்கு 26. தனித்தனியாக எண்ண முடியாது. காது அதை ஒரு சொரசொரப்பாக எடுத்துக்கொள்கிறது. அபஸ்வரம் என்று நாம் முகம் சுளிப்பதில் பெரும்பங்கு இந்தச் சொரசொரப்புதான்.

பிராங்கா இதைத்தான் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டார். கிட்டாரின் ஆறு கம்பிகளையும் ஒரே சுரத்துக்கும் அதன் மேல், கீழ் ஸ்தாயிகளுக்குமாகச் சேர்ப்பார். அப்படிப் பல கிட்டார்களை ஒன்றாக, ஓயாமல், மிகச் சத்தமாக வாசிக்க வைப்பார். 1981ல் வந்த ‘தி அசென்ஷன்’ ஆல்பத்தில் நான்கு கிட்டார், ஒரு பேஸ், டிரம்ஸ். எவ்வளவு கவனமாகச் சேர்த்தாலும் கம்பிகள் இம்மியளவு விலகித்தான் இருக்கும். ஒரு கம்பியை மீட்டும்போது அதன் சுரத்தோடு கூடவே மெல்ல ஒலிக்கும் உயர்ந்த சுரங்கள்தான் மேற்சுரங்கள். அந்த விலகலில் அவை ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். சில நிமிடங்களில் யாரும் வாசிக்காத ஒலிகள் கேட்கத் தொடங்கும். சிலருக்குக் கோரஸ் மாதிரி, சிலருக்கு டிரம்பெட் மாதிரி.

எல்லாருக்கும் பிடித்துவிடவில்லை. எந்தச் சத்தமும் இசைதான் என்று வாழ்நாளெல்லாம் சொன்ன இசையமைப்பாளர் ஜான் கேஜ், 1982ல் சிகாகோவில் பிராங்காவைக் கேட்டுவிட்டு, இதை அரசியலாக்கினால் ஃபாசிசம் போல இருக்கும் என்கிற பொருளில் பேசினார். அவரைக் கலங்கடித்தது அபஸ்வரம் அல்ல. கேட்பவரை நகரவிடாமல் பிடித்து வைக்கிற அந்தப் பிடி.

சரி, ஃபீட்பேக்குக்கு வருவோம்.

[ஒலி: மைக் ஊளை.]

கல்யாண மண்டபத்தில் மைக் ‘கூய்ங்’ என்று கத்தும்போது நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. ஸ்பீக்கரின் சத்தம் மறுபடி மைக்குக்குள் போய், பெரிதாகி, மறுபடி வெளியே வந்து, ஒரு வட்டமாகச் சுற்றுகிறது. ஆனால் கிட்டாரில் நடுவே ஒரு கம்பி இருக்கிறது. ஸ்பீக்கரின் சத்தம் கம்பியை ஆட்டுகிறது, பிக்கப் அந்த ஆட்டத்தை மின்சாரமாக்கி ஆம்ப்ளிஃபயருக்கு அனுப்புகிறது. கம்பி எல்லா அதிர்வெண்ணிலும் ஆடாது, தன் மேற்சுரங்களில்தான் ஆடும். அதனால் வருவது வெறும் ஊளை இல்லை, ஒரு சுரம்.

எந்த மேற்சுரம் என்பதை நிற்கும் இடம் முடிவு செய்யும். 440 அதிர்வெண்ணுக்குக் காற்றில் அலைநீளம் சுமார் 78 சென்டிமீட்டர். அதில் பாதி, அதாவது 39 சென்டிமீட்டர் பின்னால் நகர்ந்தால், கம்பியைத் தள்ளிவிட்ட அதே அலை இப்போது அதை எதிர்க்கும். அந்தச் சுரம் அடங்கி வேறொன்று எழும். மேடையில் ஆம்ப் முன்னால் கிட்டாரோடு ஒருவர் அரை அடி முன்னே, ஒரு அடி பின்னே என்று தடுமாறுவதைப் பார்த்தால் போதையோ என்று தோன்றும். அவர் சுரம் தேடிக்கொண்டிருக்கலாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மலிவான பிக்கப்பில் செப்புக் கம்பிச் சுருள் தளர்வாக இருந்தால், சத்தத்தில் சுருளே அதிரும். அப்போது வருவது காதைத் துளைக்கும் கீச்சொலி. இரண்டையும் பிரித்தறிவது சுலபம். உள்ளங்கையால் எல்லாக் கம்பிகளையும் அழுத்துங்கள். நின்றால் அது கம்பியின் ஃபீட்பேக். நிற்காமல் கத்தினால் பிக்கப்பின் கோளாறு. சுருளை மெழுகில் ஊற வைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். சரிசெய்யவே மனமில்லாதவர்களும் உண்டு.

[திரை: கிட்டார் கழுத்து, நெருக்கத்தில். 12ஆம் ஃபிரெட் மேல் கம்பிகளுக்கு அடியில் ஸ்க்ரூடிரைவர்.]

‘தி அசென்ஷ’னில் கிட்டார் வாசித்தவர்களில் ஒருவர் லீ ரனால்டோ. அவரும் தர்ஸ்டன் மூரும் பிராங்காவிடம் வாசித்தவர்கள். இருவரும் கிம் கார்டனோடு சேர்ந்த குழுதான் சோனிக் யூத். கையில் காசில்லை, இருந்ததெல்லாம் மலிவு கிட்டார்கள். வழக்கமான சுருதியில் அவை நன்றாக ஒலிக்கவில்லை. அதனால் அந்தந்தக் கிட்டாருக்கு எது ஒத்துவந்ததோ அப்படிச் சேர்த்தார்கள். கம்பிக்கு அடியில் ஸ்க்ரூடிரைவரையோ டிரம் குச்சியையோ செருகினார்கள். சரியாகக் கம்பியின் பாதியிலோ மூன்றில் ஒரு பங்கிலோ செருகினால், ஒரு பக்கம் மீட்டும்போது மறு பக்கம் தானே ஒத்ததிர்ந்து மணி போல ஒலிக்கும். விரலளவு தள்ளிப்போனாலும் அந்த ஒத்ததிர்வு மங்கிவிடும்.

மேடையில் ஒவ்வொரு பாட்டுக்கும் திருகிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே இந்தப் பாட்டுக்கு இந்தக் கிட்டார் என்று ஆனது. 1999 ஜூலையில், கலிஃபோர்னியாவில் சுற்றுப்பயணத்தின்போது, அந்தக் கிட்டார்களும் மற்ற சாமான்களும் இருந்த வண்டியே திருடுபோனது. கடையில் புதுக் கிட்டார் வாங்கிவிடலாம். ஆனால் பல பாட்டுகள் அந்தந்தக் கிட்டாரோடு போய்விட்டன. வேறு கிட்டார்களை வைத்துக்கொண்டு புதுப் பாட்டுகள் எழுத உட்கார்ந்தார்கள். திருடுபோனவற்றில் சில, பல வருடங்கள் கழித்து ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன.

[ஒலி: ஒரு கம்பி, மெதுவான விம்மல். இருள்.]