வேண்டுதல் காணொளிகளும் தளங்களின் விதிகளும்

நேயர்களுக்கு வணக்கம்.

திருவிழாக்களைப் பல ஆண்டுகளாகப் படம் எடுத்து வருபவன் என்ற முறையில் இன்று பேச வந்திருக்கிறேன். தீமிதி, தீச்சட்டி, அலகு குத்துதல், சாமியாடுதல் ஆகிய காட்சிகளை இணையத்தில் ஏற்றியவர்கள் என்னிடம் வரும்போது பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "பக்தியைத்தானே காட்டினேன், இதை ஏன் எடுத்துவிட்டார்கள்?" கேள்வியில் வருத்தம் இருக்கிறது, நியாயமும் இருக்கிறது. ஆனால் விதியை எழுதியவர் அதில் பக்தி இருக்கிறதா என்று எந்த இடத்திலும் கேட்கவில்லை. அவர் கேட்டிருப்பது வேறு. நேயர்கள் பெரும்பாலோர் பயன்படுத்தும் யூடியூபின் விதிகளை எடுத்துக்கொண்டு, அலகு குத்தும் காட்சி ஒன்றை மையமாக வைத்து அதைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிவிடுகிறேன். "என் காணொளியைத் தடை செய்துவிட்டார்கள்" என்று ஒருவர் சொன்னால், நான் உடனே கேட்பது, "எந்தத் தடை?" என்பதுதான். ஏனென்றால் நடக்கக்கூடியவை மூன்று. காணொளியே நீக்கப்படலாம். காணொளி இருக்கும், ஆனால் 18 வயது நிறையாதவர்களும், கணக்கில் உள்நுழையாதவர்களும் பார்க்க முடியாதபடி வயதுக் கட்டுப்பாடு போடப்படலாம். அல்லது காணொளி எல்லோருக்கும் தெரியும், விளம்பரம் மட்டும் குறையும் அல்லது நின்றுவிடும். பணம் வரும் பக்கத்தில் அந்த டாலர் குறி மஞ்சளாக மாறியிருக்கும். இந்த மூன்றுக்கும் வெவ்வேறு விதிகள், வெவ்வேறு அளவுகோல்கள். நீக்குவதற்கான அளவுகோல் கடுமையானது. விளம்பரத்துக்கான அளவுகோலோ, ஒரு சோப்பு நிறுவனம் தன் பெயரை இந்தக் காட்சிக்குப் பக்கத்தில் வைக்க விரும்புமா என்ற வணிகக் கேள்வி. மஞ்சள் குறியைப் பார்த்துவிட்டு, மதத்தின் மீது தாக்குதல் என்று சண்டைக்குப் போகிறவர், இல்லாத எதிரியோடு மோதுகிறார்.

இனி அந்தக் கதைக்கு வருகிறேன். தம்பி ஒருவர், நல்ல ஒளிப்பதிவாளர், ஒரு காணொளித் தளத்தில் 18 நிமிடக் காணொளி ஒன்றை ஏற்றினார். தளத்தின் பெயர் இங்கே தேவையில்லை. காட்சி இப்படித் தொடங்குகிறது: உடுக்கைச் சத்தம், கூட்டத்தின் கூச்சல், நேராகக் கன்னத்தில் வேல் நுழைகிறது. யார், எந்த வேண்டுதல், எதற்காக, ஒன்றும் இல்லை. ஏழு நிமிடம் கழித்து, வேலை உருவும் இடம். அலகு குத்திப் பார்த்தவர்களுக்குத் தெரியும், குத்தும்போதைவிட உருவும்போதுதான் சில சமயம் ஒரு சொட்டு இரத்தம் அரும்பும். பூசாரி உடனே கட்டைவிரலால் திருநீற்றை வைத்து அழுத்திவிடுவார். நடப்பது அவ்வளவுதான். நம் தம்பியோ அந்த ஒரு சொட்டை, பக்கத்தில் போய், 50 விநாடி காட்டியிருந்தார். பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்கு நாக்கில் சிறு வேல் குத்தும் காட்சியும் இடையில் இருந்தது. இவை போதாதென்று முகப்புப் படமாக அந்த இரத்தச் சொட்டையே வைத்து, அதைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, அம்புக்குறியும் வரைந்து, 'பார்ப்பவர்கள் மயங்கி விழுந்தனர்' என்று தலைப்பிட்டிருந்தார். ஒருவரும் மயங்கி விழவில்லை என்பது வேறு விஷயம்.

காணொளி நீக்கப்பட்டது. தம்பி மேல்முறையீடு செய்தார். அதில் எழுதியது, "எங்கள் நம்பிக்கையைப் புண்படுத்துகிறீர்கள்" என்பதே. மேல்முறையீடு தள்ளுபடியானது. கோபத்தில் காணொளியைத் தானே அழித்துவிட்டு, அதையே மீண்டும் ஏற்றினார். அது இரண்டாவது மீறலாகக் கணக்கில் ஏறியது. இந்த இடத்தில்தான் என்னிடம் வந்தார்.

இந்தக் கதையைக் கொஞ்சம் நீட்டிச் சொல்வதற்குக் காரணம் உண்டு. செய்யக்கூடாதவை எல்லாம் இதில் வரிசையாக இருக்கின்றன. யூடியூபின் வன்முறைக் காட்சி விதியில், பார்ப்பவரை அதிர்ச்சியடையச் செய்யும் நோக்கத்திலோ அருவருக்கச் செய்யும் நோக்கத்திலோ போடப்பட்ட இரத்தக் காட்சிகளுக்கு இடமில்லை. இந்த 'நோக்கம்' என்ற சொல்லைக் கவனியுங்கள். பக்தரின் நோக்கம் வேண்டுதலை நிறைவேற்றுவது, அதில் ஐயமில்லை. ஆனால் தளம் பார்ப்பது, காணொளியை ஏற்றியவரின் நோக்கத்தை. அதை எதைக் கொண்டு அறியும்? தலைப்பு, முகப்புப் படம், எந்த இடத்தில் படக்கருவி நிலைத்து நிற்கிறது என்பவற்றைக் கொண்டுதான். 50 விநாடி இரத்தத்தில் நிற்பதும், சிவப்பு வட்டமும், மயங்கி விழுந்தார்கள் என்ற பொய்யும், தம்பிக்கு எதிராக அவரே எழுதிக் கொடுத்த வாக்குமூலங்கள்.

அதே விதிமுறைகளில் ஒரு விலக்கும் இருக்கிறது. கல்வி, ஆவணம், அறிவியல், கலை ஆகிய நோக்கங்களுக்காகக் காட்டப்படுபவை, போதிய விளக்கத்தோடு இருந்தால், மற்ற நேரத்தில் நீக்கப்படும் காட்சியாக இருந்தாலும் தங்கலாம். விளக்கம் எங்கே இருக்க வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். காணொளியின் கீழே, யாரும் விரித்துப் பார்க்காத குறிப்பில், ஐந்து பத்தி எழுதிவிட்டு விளக்கம் கொடுத்தாயிற்று என்பார்கள். சிக்கலான காட்சிகளுக்கு அது போதாது. காணொளியின் உள்ளேயே, ஒலியிலோ திரை எழுத்திலோ, அது இருப்பதுதான் பாதுகாப்பு. இதை நான் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டேன், இன்னொரு முறையும் சொல்கிறேன்: விளக்கம் காணொளிக்குள் இருக்க வேண்டும், முடிந்தால் வேல் நுழைவதற்கு முன்பாக.

நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். காப்புக் கட்டுவதைக் காட்டும் காட்சியோடு தொடங்கினோம். அதன் மேல் 40 விநாடிக்குத் தம்பியின் குரல்: இது என்ன விழா, இந்த வேண்டுதலை எதற்காக எடுக்கிறார்கள், எத்தனை நாள் விரதம், குத்துபவர் எத்தனை ஆண்டு பழக்கமுள்ளவர், குத்திக்கொள்பவர் வயது வந்தவர், தம் விருப்பத்தால் செய்பவர். எப்படிக் குத்துவது என்ற செய்முறையை மட்டும் அவர் சொல்லக் கூடாது என்று தடுத்தேன். வேண்டுதலை விளக்குவது ஆவணம், குத்தும் முறையைக் கற்றுத் தருவது வேறு, அதைத் தளம் ஆபத்தான செயலை ஊக்குவிப்பதாகக் கொள்ள இடமுண்டு. வேல் நுழைவதைக் கை எட்டும் தொலைவிலிருந்து காட்டினோம். உருவும் இடம் 50 விநாடியிலிருந்து 4 விநாடியானது. திருநீறு வைக்கும் விரலே போதுமானது, உண்மையில் அதுதான் அழகு. முகப்புப் படம், காவடியோடு நடந்து வரும் முழு உருவம். தலைப்பு, விழாவின் பெயர் மட்டும்.

சிறுவனின் காட்சியை முழுவதுமாக நீக்கினோம். தம்பி வருந்தினார், சிறுவனின் பெற்றோரே சம்மதித்தார்கள் என்றார். சிறார்கள் ஆபத்தான செயலில் ஈடுபடும் காட்சிகளுக்கான விதி பெற்றோரின் சம்மதத்தால் மாறுவதில்லை. குழந்தையைத் தோளில் ஏந்தியபடி பூக்குழி இறங்குவதும் இதே சிக்கலில் சிக்கலாம். ஏற்றுவதற்கு முன் ஒருமுறை முழுவதும் ஓட்டி, சிறார் எந்த மூலையிலாவது இருக்கிறார்களா என்று மட்டும் பாருங்கள்.

இப்படித் திருத்திய காணொளி தங்கியது. ஆனால் வயதுக் கட்டுப்பாடு போட்டார்கள், விளம்பரமும் வரவில்லை. தம்பி மறுபடி கோபப்பட்டார். இதை நான் மறைக்க விரும்பவில்லை, நேயர்களே: ஆவண விலக்கு காணொளியைத் தங்க வைக்கும், வருமானத்தையும் வயது வரம்பையும் அது காப்பாற்றும் என்று எதிர்பார்க்க முடியாது.

மேல்முறையீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஒரு முடிவுக்குப் பொதுவாக ஒரு முறைதான் வாய்ப்பு. ஆகவே அதைக் கோபத்துக்குச் செலவிடாதீர்கள். 'காட்சி 3 நிமிடம் 10 விநாடியில் வருகிறது. அதற்கு முன் 40 விநாடி விளக்கம் உள்ளது. இதில் சிறார் யாரும் இல்லை' என்று நிமிடம், விநாடியோடு எழுதுங்கள். பார்ப்பவருக்கு நம் விழா தெரியாது என்று வைத்துக்கொண்டு எழுதுங்கள். காணொளியை அழித்தால் குற்றக் கணக்கு அழியும் என்பது தவறான நம்பிக்கை, அழிவதில்லை. யூடியூபில் முதல் மீறலுக்குப் பெரும்பாலும் எச்சரிக்கை மட்டும் வரும். அதற்குப் பிறகு ஸ்ட்ரைக் என்ற தண்டனைப் புள்ளி விழுந்தால், முதலாவதற்கு ஒரு வாரம் எதையும் ஏற்றவும் முடியாது, நேரலை செய்யவும் முடியாது. 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும். தனிப்பட்டதாக மறைத்து வைத்த காணொளிக்கும் இந்த விதிகள் பொருந்தும்.

சாமியாடும் கூட்டத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன், நேரம் குறைகிறது. அங்கே இரத்தமில்லை, சிக்கல் மனிதருடையது. அருள் வந்து ஆடும் பெண்ணின் முகம், அவிழ்ந்த கூந்தல், கலைந்த சேலை, இவற்றை நெருக்கத்தில் காட்டிவிட்டு, அவர் பின்னர் தனியுரிமைப் புகார் கொடுத்தால், காணொளியை ஏற்றியவருக்குப் பெரும்பாலும் 48 மணி நேரம் தருவார்கள், அதற்குள் நீக்கவோ திருத்தவோ வேண்டும். முகத்தை மங்கலாக்கும் கருவி யூடியூப் ஸ்டுடியோவிலேயே இருக்கிறது. கூட்டத்தைத் தொலைவிலிருந்து எடுத்தால் அதுகூடத் தேவைப்படாது.

நேரலையைப் பற்றிச் சொல்ல எனக்கு இன்னும் ஒரு நிமிடம்கூட இல்லை என்று எதிரில் கை காட்டுகிறார்கள். ஒன்று மட்டும்: நேரலையில் வெட்டவும் முடியாது, விளக்கத்தை முன்னால் கொண்டு வரவும் முடியாது. தீமிதியை நேரலையில் காட்டுங்கள், படக்கருவியைப் பூக்குழியிலிருந்து தள்ளி வைத்து, வர்ணனையாளரை முதலிலிருந்தே பேச வைத்து. அலகு குத்துவதைப் பதிவு செய்து வைத்து, மறுநாள் திருத்தி ஏற்றுங்கள். வணக்கம்.