எட்டு நிமிடத்தில் ஒரு வருடம்

நேயர்களுக்கு வணக்கம்.

கம்பெனி ஆண்டு விழாவுக்குப் போயிருப்பீர்கள், நீங்கள் போகாவிட்டாலும் வீட்டில் யாராவது போயிருப்பார்கள். விளக்கை அணைத்துவிட்டு ஒரு படம் போடுவார்கள். நிர்வாக இயக்குநர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து, இந்த நிதியாண்டு நமக்குச் சவாலான ஆண்டு என்று ஆரம்பிப்பார். பின்வரிசையில் பிரியாணி எத்தனை மணிக்கு என்று பேச்சு ஓடும்.

கோயம்புத்தூர் வட்டாரக் கம்பெனிகளுக்கு இப்படிப் படங்கள் எழுதித் தருவது என் தொழில். வருடத்தின் கதையை அதிகாரிகளை விட்டுவிட்டு ஊழியர்களே சொல்லட்டும் என்று பிடிவாதமாகக் கேட்டு வாங்குகிறவன் நான். அந்த மாதிரிப் படத்துக்கு ஸ்கிரிப்ட் எப்படி எழுதுவது என்பதைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன்.

ஆள் பேசுவதற்கு முன்னால் அவருக்கு வசனம் எழுதக் கூடாது. எழுதிக் கொடுத்தால் என்ன ஆகும்? "இந்நிறுவனத்தில் பணியாற்றுவதில் பெருமிதம் கொள்கிறேன்" என்று வரும். லேத்தில் நிற்கிற மனிதர் எந்த ஊரில் இப்படிப் பேசுகிறார்? சொல்லும்போது கண் மேலே போகும், மனப்பாடம் செய்ததைத் தேடும். அதைப் பார்த்ததுமே அரங்கத்தில் அவரோடு வேலை செய்கிறவர்கள் சிரித்துவிடுவார்கள்.

அப்படியானால் ஸ்கிரிப்ட் எங்கிருந்து வரும்? பாதி, நாம் கேட்கும் கேள்வியில் இருக்கிறது. மீதி, அவர்கள் பேசி முடித்த பிறகு தாளில் வெட்டி ஒட்டுவதில் இருக்கிறது.

ஒரு படத்தையே எடுத்துக்கொள்கிறேன். நீர்மூழ்கி மோட்டார் செய்கிற ஒரு தொழிற்சாலை, பெயர் வேண்டாம். நிர்வாகம் ஒரு பட்டியல் கொடுத்தது. விருது, ரத்த தான முகாம், புது ஷெட், வெளிநாட்டு விருந்தினர் வருகை என்று நீளமான பட்டியல். எட்டு நிமிடப் படத்தில் மூன்று விஷயத்துக்கு மேல் நிற்காது. கணக்கு எளிது. நிதானமாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 சொல். படத்துக்கும் இயந்திரச் சத்தத்துக்கும் இடம் விட்டால், பேச்சுக்குக் கிடைப்பது 600 சொல். ஆறு பேர் என்றால் ஆளுக்கு 100 சொல்தான்.

பட்டியலில் ஒரு வரி இருந்தது, "வாடிக்கையாளர் புகார் கணிசமாகக் குறைந்தது." நான் கேட்டது ஒன்றுதான். இது குறைந்ததால் யாருடைய கைக்கு வேலை குறைந்தது? சர்வீஸ் பிரிவுக்கு. சரி, அங்கே போவோம்.

அங்கே ஒரு பெரியவர். கேமரா வைக்காமல் முதலில் சும்மா பேசினோம். இந்த வருஷம் எப்படிங்க இருந்தது என்றேன். "நல்லா இருக்குதுங்க, கம்பெனி நல்லா பாத்துக்குது" என்றார். தப்பு அவர் மேல் இல்லை. வருஷத்தைப் பற்றிக் கேட்டால் யாருக்கும் பதில் வராது, ஒரு காலைப் பொழுதைப் பற்றிக் கேட்க வேண்டும். படமெடுக்கும் நாளில் கேள்வியை மாற்றினேன். திங்கட்கிழமை காலையில் ஷெட்டைத் திறந்ததும் முதல் வேலை என்னங்க?

அவர் சொன்னது இது: "முன்னெல்லாம் திரும்பி வந்த மோட்டாரை எறக்கறதுதானுங்க மொத வேலை. திங்கக்கெழமைன்னா வாசல் வரைக்கும் வரிசை கட்டி நிக்கும். டீ குடிக்கப் பதினோரு மணி ஆயிரும். இப்ப மேசையத் தொடச்சு வெச்சுட்டு மொத ஆளாப் போய் டீ குடிக்கறனுங்க."

புகார் குறைந்தது என்ற வரிக்கு இனி வேலையே இல்லை. எண்ணை நான் அவர் வாயில் திணிக்கவில்லை. எண்ணுக்குத் திரையில் எழுத்து இருக்கிறது, நான்கு விநாடி போதும். எண்ணை ஊழியர் சொன்னால், யாரோ சொல்லிக் கொடுத்தது அப்படியே தெரியும்.

இன்னொன்று. நம் குரலைக் கடைசியில் வெட்டிவிடுவோம் அல்லவா, அதனால் "ஆமாங்க" என்று பதில் வரும் கேள்வியே கேட்கக் கூடாது. கேள்வியையும் சேர்த்துச் சொல்லுங்கள் என்று பாடம் நடத்தினால் ஆள் விறைத்துவிடுவார். எப்படி, எப்போது, முதலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் முழு வாக்கியம் தானாக வரும். சூப்பர்வைசர் கேமராவுக்குப் பின்னால் நிற்கக் கூடாது. நின்றால் பதில் அவருக்குத்தான் போகும், நமக்கு வராது.

சரி, திரும்பி வருவது ஏன் குறைந்தது? அந்தப் பதில், மோட்டாருக்குக் கம்பி சுற்றுகிற வைண்டிங் பிரிவில் இருந்த ஒரு அம்மாவிடம் இருந்தது. முன்பு மோட்டாரை முழுதாகப் பூட்டிய பிறகுதான் சோதனை. இப்போது காயில் கட்டியதுமே தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, மெக்கர் என்ற கருவியை வைத்து இன்சுலேஷன் பார்க்கிறார்கள். கம்பியின் மேலுறையில் ஒரு கீறல் இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். இதைச் சொல்லிவிட்டு அவர் ஒன்று சேர்த்தார்: "ஆரம்பத்துல எங்களுக்குக் கஷ்டந்தாங்க. பீஸ் கொறஞ்சு போய் இன்சென்டிவும் கொறஞ்சுது. அப்புறம் பேசி, கணக்க மாத்திக் குடுத்தாங்க."

நிர்வாகம் இதை வெட்டச் சொன்னது. எப்போதும் சொல்வார்கள். நான் கேட்டேன், படம் பார்க்கப் போவது யார்? அந்த வைண்டிங் பிரிவே முன்னால் உட்கார்ந்திருக்கும். இன்சென்டிவ் குறைந்தது அவர்களுக்குத் தெரியாதா? அதை மறைத்தால், மீதி ஏழரை நிமிடத்தையும் நம்ப மாட்டார்கள். அதோடு, நீங்கள் கணக்கை மாற்றிக் கொடுத்த நல்ல காரியமும் சேர்ந்தல்லவா வெட்டுப்படுகிறது? கடைசி வாதம்தான் எடுபட்டது. வரி தங்கியது.

இனி தாள் வேலை. ஒவ்வொரு பேட்டியையும் வாய்மொழி மாறாமல் எழுதி, ஓரத்தில் நிமிடம், விநாடி குறித்து, கத்தரித்துத் தரையில் பரப்புவேன். பிரிவு வாரியாக அடுக்கினால் ரேஷன் கடை வரிசை போல ஆகிவிடும். விளைவு முதலில், காரணம் பிறகு. பெரியவரின் டீ, அப்புறம் தண்ணீர்த் தொட்டி, அப்புறம் அந்த அம்மாவின் கஷ்டம், அதற்குப் பிறகே திரையில் எண். முதலில் எண்ணைக் காட்டினால் டீக்கு மதிப்பில்லை.

நிர்வாக இயக்குநர் படத்தில் தனக்கு இரண்டு நிமிடம் கேட்பார். அன்றைக்கு மேடையில் நேரிலேயே இருக்கப் போகிறவர் திரையில் எதற்கு? படம் முடிந்ததும் அவரே எழுந்து, அந்த டீயிலிருந்து பேச்சை எடுக்கட்டும்.

கடிகாரத்தைக் காட்டுகிறார்கள், மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். பங்குச் சந்தையில் உள்ள கம்பெனி என்றால், திரையிடும் முன் கம்பெனி செக்ரட்டரி பார்த்தாக வேண்டும். அடுத்த மாத ஆர்டரைப் பற்றி ஒருவர் வெள்ளந்தியாகச் சொல்லும் வரி, இன்னும் வெளியிடாத தகவலாக இருக்கலாம். மார்ச்சில் கணக்கு முடிக்கும் கம்பெனிகளின் பங்குதாரர் பொதுக்கூட்டம் செப்டம்பர் 30க்குள் நடக்கும். அங்கேயும் இதே படம் ஓடினால், திரையில் வரும் எண் ஆண்டறிக்கையோடு ஒத்துப்போக வேண்டும். ஒடிசா, பீகார் ஆட்கள் அவர்கள் மொழியிலேயே பேசட்டும், கீழே தமிழில் எழுத்துப் போடுங்கள், குரல் மாற்றாதீர்கள். ஒப்பந்தத் தொழிலாளியையும் பட்டியலில் சேருங்கள். பேசிய ஒவ்வொருவரிடமும் கையெழுத்து வாங்குங்கள், அவரவர் துண்டை விழாவுக்கு முன்பே அவரிடம் போட்டுக் காட்டுங்கள். வேண்டாம் என்று அவர் சொன்னால் எடுத்துவிடுங்கள்.

ஃபவுண்டரியில் ஒலிப்பதிவு செய்வது பற்றியும் குறித்து வைத்திருந்தேன், நேரம் இல்லை. சட்டையில் குத்துகிற மைக் மட்டும் போதும் என்று நம்பிப் போகாதீர்கள், டீ இடைவேளையில் மெஷின் நிற்கும்போது பேசவையுங்கள். வணக்கம்.