இருபது நாள் இடைவெளி: பஞ்சாபில் நெல் தாள் ஏன் எரிகிறது, வேறு என்ன செய்யலாம்

(கருத்தரங்கில் திரையிடுவதற்கான விளக்க வீடியோவின் பின்னணி உரை)

[காட்சி: சங்ரூர் மாவட்டம், அக்டோபர் கடைசி வாரம். அறுவடை இயந்திரம் ஒரு நெல் வயலைக் கடந்து செல்கிறது.]

இயந்திரம் சென்ற தடத்தில் இரண்டு பொருள்கள் எஞ்சுகின்றன. ஒன்று, முழங்கால் அளவுக்கு நிற்கும் அடித்தாள். மற்றொன்று, இயந்திரத்தின் பின்புறத்திலிருந்து வரிசையாகக் கொட்டிக் கிடக்கும் வைக்கோல். அடுத்த பயிர் கோதுமை. நவம்பர் நடுப்பகுதிக்குள் விதைத்தால்தான் விளைச்சல் குறையாது என்பதால், நெல்லை அறுத்து, வயலை ஒழித்து, விதைப்பை முடிக்க விவசாயிக்கு ஏறத்தாழ இருபது நாள்களே கிடைக்கின்றன. தீ வைத்தால் வயல் ஒரே பிற்பகலில் ஒழிந்துவிடும். செலவு ஒரு தீப்பெட்டி.

இந்த நெருக்கடி எப்போதும் இதே அளவில் இருந்ததில்லை. நிலத்தடி நீர் வேகமாக இறங்கியதால், 2009இல் பஞ்சாப் அரசு ஒரு சட்டம் இயற்றி, ஜூன் மாதத்தில் குறிப்பிட்ட தேதிக்கு முன்னர் நாற்று நடக்கூடாது என்று தடுத்தது. கடுங்கோடையில் வயலில் நீர் தேக்குவதைக் குறைக்கும் நோக்கத்தில் அது சரியான முடிவே. ஆனால் நடவு தள்ளிப்போனபோது அறுவடையும் தள்ளிப்போயிற்று. தண்ணீரைக் காத்த சட்டம் எரிப்புக் காலத்தைக் காற்று மந்தமாகும் நவம்பரை நோக்கி நகர்த்தியது என்பதை மறந்துவிட்டு விவசாயியை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது.

வைக்கோலை மாட்டுக்குப் போடலாமே என்று தமிழ்நாட்டில் கேட்பார்கள். காவிரி டெல்டாவில் இயந்திரம் அறுத்த வயலிலும் வைக்கோலைக் கட்டுகளாகச் சுருட்டி விற்கிறார்கள். அங்கே அது பணம் தரும் பொருள். பஞ்சாபிலோ மாடுகளுக்குக் கோதுமை வைக்கோல் தாராளமாகக் கிடைக்கிறது. சிலிக்கா மிகுந்த நெல் வைக்கோலை, பாசுமதியின் வைக்கோல் நீங்கலாக, அங்கே பெரும்பாலும் தீவனமாகக் கொள்வதில்லை.

[காட்சி: எரிந்து கருகிய நான்கு ஏக்கர் வயல். அருகில் எரியாத வயல்.]

எரிப்பதால் மண் இழப்பதை ஒரு கணக்காகப் போட்டுப் பார்ப்போம். ஏக்கருக்கு இரண்டரை டன் வீதம் நான்கு ஏக்கரில் பத்து டன் வைக்கோல் இருப்பதாகக் கொள்வோம். ஒரு டன் நெல் வைக்கோலில் சுமார் ஐந்தரை கிலோ தழைச்சத்தும், 25 கிலோ சாம்பல் சத்தும், 400 கிலோ கரிமமும் உள்ளன. தீ மூட்டியதும் கரிமம் ஏறத்தாழ முழுவதும் போய்விடுகிறது. தழைச்சத்தில் பத்தில் ஒன்பது பங்கு காற்றில் கலக்கிறது. அதாவது அந்த வயலிலிருந்து சுமார் 50 கிலோ. இதை ஈடுகட்ட 45 கிலோ யூரியா மூட்டைகள் இரண்டும், மூன்றாவதில் ஏறத்தாழப் பாதியும் வேண்டும். சாம்பல் சத்தில் பெரும்பகுதி சாம்பலோடு வயலிலேயே தங்கிவிடுகிறது. "எரித்த வயலில் பயிர் நன்றாகத்தானே வருகிறது" என்று விவசாயி சொல்வது அவ்வளவு தவறல்ல என்பதற்கு இதுவும் ஒரு காரணம். உண்மையான இழப்பு அந்த ஆண்டுப் பயிரில் தெரிவதில்லை. மேல்மண்ணின் நுண்ணுயிர்கள் ஒரு முறை எரிந்தால் ஓரளவு மீள்கின்றன. ஆண்டுதோறும் எரிக்கும் வயலில் அவையும் மண்ணின் கரிமமும் மெல்ல மெல்லக் குறைந்துகொண்டே வருகின்றன.

காற்றுக்குப் போவது வேறு கணக்கு. டன்னுக்கு ஏறத்தாழ மூன்று கிலோ நுண்துகள், 60 கிலோ கார்பன் மோனாக்சைடு என்ற மதிப்பீட்டின்படி, இதே நான்கு ஏக்கர் 30 கிலோ துகளையும் 600 கிலோ நச்சு வாயுவையும் வெளியிடுகிறது. வெளியேறும் கரியமில வாயு, பயிர் அதே பருவத்தில் காற்றிலிருந்து எடுத்துக்கொண்டதுதான். ஆகவே விவாதத்தில் அதை முன்னிறுத்துவது பொருந்தாது. மனிதரை நோயாளியாக்குவது துகள். நவம்பரில் வடமேற்குக் காற்று அதை டெல்லியை நோக்கித் தள்ளுகிறது. குளிர்ந்த காற்று தரையோடு படிந்துவிட, அதன் மேலுள்ள வெப்பமான காற்று மூடியைப் போல் அடைத்துக்கொள்வதால் புகை மேலெழ முடிவதில்லை. சில நாள்களில் டெல்லியின் நுண்துகளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தாள் எரிப்பிலிருந்து வருகிறது. வேறு சில நாள்களில் ஒற்றை இலக்க விழுக்காடுதான். ஆண்டு முழுவதும் டெல்லியை மாசுபடுத்துவது வாகனமும் தூசியும் தொழிற்சாலையுமே.

இன்னொரு எச்சரிக்கையும் தேவை. பஞ்சாபில் செயற்கைக்கோள் கண்ட தீ நிகழ்வுகள் 2021இல் 71 ஆயிரத்தைத் தாண்டின. 2024இல் 11 ஆயிரத்துக்கும் குறைவு. ஆனால் இந்த எண்ணிக்கைக்கு ஆதாரமான செயற்கைக்கோள்கள் ஒரு வயலின் மேல் பகலில் கடப்பது பிற்பகல் ஒன்றரை மணியையொட்டியே. அதற்குப் பின் மூட்டப்படும் தீ அவற்றின் கண்ணில் படாது. ஓரிடத்தையே நாள் முழுவதும் நோக்கும் கொரியச் செயற்கைக்கோளின் படங்களில், மாலை நோக்கி எரிப்பு நகர்ந்திருப்பதை ஆய்வாளர்கள் 2024இல் சுட்டிக்காட்டினார்கள். ஆகவே எரிந்த பரப்பை அளக்காமல் தீயின் எண்ணிக்கையை மட்டும் எண்ணி முன்னேற்றம் என்று கொள்ளக் கூடாது.

[காட்சி: ஹேப்பி சீடர் கருவி விதைப்பில். பின்னால் வைக்கோல் படர்ந்த வயல்.]

மாற்று வழிகளில் அந்த இருபது நாளுக்குள் அடங்குபவற்றுள் முதன்மையானது ஹேப்பி சீடர். லூதியானாவின் பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகமும் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் சேர்ந்து உருவாக்கியது. டிராக்டரின் பின்னால் பூட்டப்படும் இக்கருவி, நிற்கும் தாளை வெட்டி ஒதுக்கி, உழாத மண்ணில் கோதுமை விதையையும் உரத்தையும் இட்டு, வெட்டிய தாளை அதன் மேல் மூடாக்காகப் பரப்பிச் செல்கிறது. உழவுச் செலவு மிச்சம், களையும் குறைகிறது.

ஆனால் கருவி மட்டும் போதாது. அறுவடை இயந்திரத்தில் வைக்கோலை நறுக்கிச் சீராகத் தூவும் இணைப்பு இருக்க வேண்டும். இல்லையேல் வைக்கோல் வரிசையில் கருவி அடைத்துக்கொள்ளும். பனி ஈரம் உலர்ந்த பிறகே வயலில் இறங்க வேண்டும். நெல்லுக்கான கடைசிப் பாசனத்தை, அறுவடைக்குப் பின் விதை முளைக்கும் ஈரம் மீந்திருக்கும்படி முன்கூட்டியே கணித்துப் பாய்ச்ச வேண்டும். மேலுரமாக யூரியாவைப் பாசனத்துக்குச் சற்று முன்பு தூவ வேண்டும். வைக்கோலின் மேல் கிடந்தால் அது ஆவியாகிவிடும். மூடாக்குள்ள வயலில் எலியும், இளஞ்சிவப்புத் தண்டுத் துளைப்பானும் வரக்கூடும். நடுக்குருத்து காய்ந்து, இழுத்தால் எளிதில் கையோடு வந்தால் துளைப்பான் வந்துவிட்டது என்று அறியலாம்.

கருவிகள் இல்லாமலில்லை. 2018 முதல் தனி விவசாயிக்குப் பாதி விலையும், குழுக்களுக்கு 80 விழுக்காடும் மானியமாகத் தரப்பட்டு, பஞ்சாபில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட எரிப்புத் தவிர்ப்புக் கருவிகள் சேர்ந்துள்ளன. நாளொன்றுக்கு ஏழு ஏக்கர் விதைக்கும் ஒரு கருவி இருபது நாளில் 140 ஏக்கரை முடிக்கும்; ஆண்டின் மற்ற நாள்களில் கொட்டகையில் கிடக்கும். எல்லோருக்கும் ஒரே வாரத்தில் தேவைப்படும்போது, சிறு விவசாயியின் முறை கடைசியில்தான் வருகிறது.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லலாம். வைக்கோலைக் கட்டி மின் நிலையத்துக்கோ எரிவாயு ஆலைக்கோ அனுப்புவது நல்லது. ஆலை அருகில் இருந்தால்தான் கட்டுப்படியாகும், சத்தும் வயலைவிட்டுப் போகும். மண்ணில் மடக்கி உழலாம்; ஆனால் நெல் வைக்கோலில் கரிமம் மிகுதி, தழைச்சத்து குறைவு என்பதால், மட்கும்போது நுண்ணுயிர்கள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ள, இளங்கோதுமை வெளிறிப்போகும். மட்கவைக்கும் பூசண நீர்மத்துக்கு மூன்று வாரத்துக்கு மேல் வேண்டும்; அந்த மூன்று வாரம்தான் கையில் இல்லை.

எனவே என் கணிப்பில், கருவியைவிட நாள்காட்டியே முக்கியம். பஞ்சாபில் நீண்டகாலம் விரும்பப்பட்ட பூசா 44 நெல் ரகம் நாற்றங்காலில் விதைத்ததிலிருந்து முதிரச் சுமார் 160 நாள் எடுத்துக்கொள்கிறது. பிஆர் 126 ரகம் ஏறத்தாழ 125 நாளில் முடிந்துவிடும். உரிய காலத்தில் நட்டால் அறுவடை ஒரு மாதம் முந்திவிடும். தண்ணீரும் மிச்சம், வைக்கோலும் குறைவு. இங்கும் ஒரு சிக்கல் உண்டு. குறுகிய காலப் பயிர்தானே என்று, இளவேனில் மக்காச்சோளத்தை எடுத்துவிட்டு ஜூலையில் தாமதமாக இதை நடுபவர்களும் இருக்கிறார்கள். அந்த வயல்களில் மிச்சமான மாதத்தை மக்காச்சோளமே எடுத்துக்கொள்கிறது. அறுவடை மீண்டும் அக்டோபர் கடைசியிலேயே வந்து நிற்கிறது.