அடிப்படை ஆண்டை மாற்றினால் சாய்வும் மாறுமா?

[திரை: மூன்று ஆண்டுகளின் வருமானம் – 200, 330, 480. நுகர்வு – 180, 286, 408.]

இவை அந்தந்த ஆண்டின் விலையில் அளந்த பெயரளவு மதிப்புகள். வருமானம் உயர்ந்தால் நுகர்வு எவ்வளவு உயர்கிறது என்பதே கேள்வி. இதை அப்படியே தொடர்புப் போக்குப் பகுப்பாய்வுக்குக் கொடுத்தால் சாய்வு ஏறத்தாழ 0.814 என்று வருகிறது. ஆனால் இந்த மூன்று ஆண்டுகளில் விலைகளும் ஏறியிருக்கின்றன.

[திரை: விலைக் குறியீட்டெண் – 100, 110, 120. அடிப்படை: முதல் ஆண்டு.]

ஒவ்வோர் எண்ணையும் அந்த ஆண்டின் குறியீட்டெண்ணால் வகுத்து 100ஆல் பெருக்குவோம். வருமானம் 200, 300, 400 ஆகிறது. நுகர்வு 180, 260, 340. விலையேற்றத்தை நீக்கிய இவையே மெய் மதிப்புகள். இப்போது சாய்வு சரியாக 0.8, மாறிலி 20. முன்பு கிடைத்த கூடுதல் 0.014 எங்கிருந்து வந்தது? மெய் மதிப்பில் 20 என நிலையாக இருக்கும் மாறிலி, பெயரளவில் விலையோடு சேர்ந்து 20, 22, 24 என வளர்கிறது. வருமானமும் கூடவே வளர்வதால், அந்த வளர்ச்சியைச் சாய்வு தன் கணக்கில் எழுதிக்கொள்கிறது.

அடுத்து, அடிப்படையை மூன்றாம் ஆண்டுக்கு மாற்றுவோம். எல்லாக் குறியீட்டெண்களையும் 120ஆல் வகுத்து 100ஆல் பெருக்கினால் போதும்.

[திரை: வருமானம் – 240, 360, 480. நுகர்வு – 216, 312, 408.]

எல்லா மதிப்புகளும் 1.2 மடங்காகிவிட்டன. சாய்வு அதே 0.8, மாறிலி மட்டும் 24. மடக்கை எடுத்துச் செய்தாலும் சாய்வு நகராது, மாறிலிதான் நகரும். ஆகவே அடிப்படை ஆண்டு எது என்று சண்டை போடுவது பெரும்பாலும் வீண்.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. நுகர்வை மூன்றாம் ஆண்டு விலையிலும், வருமானத்தை முதல் ஆண்டு விலையிலும் வைத்துவிட்டால்?

[திரை: நுகர்வு – 216, 312, 408. வருமானம் – 200, 300, 400.]

சாய்வு 0.96! கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயிலும் 96 காசு செலவாகிறது என்று தவறான முடிவுக்கு வருவோம். இதில் மோசமானது என்னவென்றால், R² மாறாது. வழக்கமான தரவுகளில் சாய்வின் t மதிப்பும் மாறாது. மென்பொருள் எந்த எச்சரிக்கையும் தராது. வெவ்வேறு கோப்புகளிலிருந்து தொடர்களை எடுப்பவர்களுக்கு இது எளிதில் நேரும். கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: அடிப்படை ஆண்டில் மெய் மதிப்பும் பெயரளவு மதிப்பும் ஒன்றாக இருக்கும். அந்த ஆண்டு இரண்டு தொடர்களுக்கும் ஒன்றுதானா என்று பாருங்கள்.

இன்னொன்று. புள்ளியியல் அலுவலகங்கள் புதிய அடிப்படை ஆண்டை அறிவிக்கும்போது பெரும்பாலும் குறியீட்டெண்ணில் ஒவ்வொரு பொருளுக்கும் தரும் எடைகளையும் மாற்றுகின்றன. அது வெறும் பெருக்கல் அல்ல. இரண்டு குறியீட்டெண்களும் கிடைக்கும் ஆண்டுகளில் பழையதைப் புதியதால் வகுத்துப் பாருங்கள். விகிதம் எல்லா ஆண்டுகளிலும் ஒன்றாக இருந்தால் அளவுகோல்தான் மாறியிருக்கிறது. ஆண்டுக்கு ஆண்டு வேறுபட்டால் விலையேற்றத்தின் அளவீடே திருத்தப்பட்டிருக்கிறது. அப்போது சாய்வும் மாறக்கூடும், மறுபடி கணக்கிட்டுத்தான் பார்க்க வேண்டும்.