வரிசையாக ஐந்து, வரிசையாக இரண்டு

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம்.

கப்பலூர் தொழிற்பேட்டையில் ரப்பர் உதிரிபாகம் செய்கிற ஒரு கம்பெனியில், மனிதவளப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது வருஷம் அது. மார்ச் மாதக் கடைசி. மோல்டிங் பகுதி சூப்பர்வைசர் தன்னிடம் வேலை பார்க்கும் எட்டு பேருடைய அப்ரைசல் படிவங்களைக் கொண்டு வந்து என் மேஜையில் வைத்தார். படிவத்தில் ஐந்து தலைப்பு: வருகை, உற்பத்தி, தரம், பாதுகாப்பு, ஒத்துழைப்பு. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போட வேண்டும், அதை வைத்துத்தான் இன்கிரிமென்ட். சரிபார்த்துக் கூட்டுவதுதான் என் வேலை, ஆனால் இரண்டு படிவங்களில் கூட்ட வேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டது. பிரஸ் ஓட்டும் மூத்த ஆபரேட்டர் ஒருவருக்கு 5, 5, 5, 5, 5. அதே ஷிஃப்டில் இருக்கும் இளைஞர் ஒருவருக்கு 2, 2, 2, 2, 1.

மூத்தவரைப் பற்றி எனக்கே தெரியும், கம்பெனி முழுக்கத் தெரியும். ஒரு நாள் ராத்திரி ஷிஃப்டில் ஹைட்ராலிக் ஹோஸ் வெடித்து எண்ணெய் பீய்ச்சியடித்தபோது, எல்லோரும் ஓட, இவர் மட்டும் போய் வால்வை அடைத்து விலையுயர்ந்த ஒரு மோல்டைக் காப்பாற்றினார். அன்றிலிருந்து அவர் தலைக்குப் பின்னால் ஒரு வட்டம், நம்ம ஊர் ஃபிளெக்ஸ் பேனரில் போடுவார்களே, அந்த மாதிரி. இளைஞர் விஷயம் வேறு. மே மாதம் நடந்த கூட்டத்தில் ஓவர்டைம் கூலி ஏன் இன்னும் வரவில்லை என்று மேனேஜர் முன்னாலேயே எழுந்து கேட்டவர் அவர். கேட்டது நியாயம்தான், கேட்ட விதம் கொஞ்சம் சூடு. சூப்பர்வைசருக்கு அன்று முகம் செத்துவிட்டது.

இந்த இரண்டுக்கும் பெயர் உண்டு. ஏதோ ஒரு நல்ல விஷயம் மற்ற எல்லாவற்றின் மீதும் வெளிச்சம் அடித்தால் ஒளிவட்ட விளைவு, ஹாலோ எஃபெக்ட். ஒரு கெட்ட விஷயம் மற்ற எல்லாவற்றையும் கறையாக்கினால் கொம்பு விளைவு, ஹார்ன் எஃபெக்ட். 'வேண்டாத பொண்டாட்டி கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம்' என்று நம்ம ஊரில் சொல்வது இரண்டாவதைத்தான். (பழமொழி பெண்களை வைத்துத்தான் ஏன் வருகிறது என்பதை இன்னொரு நாள் பேசலாம்.) ஒளிவட்டம் என்ற பெயரை வைத்தவர் எட்வர்ட் தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், 1920-இல். ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழே இருப்பவர்களுக்கு உடல்வாகு, அறிவு, தலைமைப் பண்பு, குணம் என்று தனித்தனியாகப் போட்ட மதிப்பெண்களை எடுத்துப் பார்த்தபோது, அவை ஒன்றோடொன்று வேண்டியதற்கு மேல் ஒட்டிக்கொண்டிருந்தன. உடம்பு நன்றாக இருப்பவனுக்குக் குணத்திலும் கூடப் போட்டிருந்தார்கள்.

இதில் ஏமாற்று எதுவும் இல்லை என்பதுதான் சிக்கல். 1977-இல் நிஸ்பெட், வில்சன் என்ற உளவியலாளர்கள் இருவர் ஒரு சோதனை செய்தார்கள். ஒரே ஆசிரியர், அவருடைய ஆங்கிலத்தில் வெளிநாட்டு உச்சரிப்பு. ஒரு வீடியோவில் அன்பாகப் பேசுகிறார், இன்னொன்றில் சிடுசிடுப்பாக. முதலாவதைப் பார்த்த மாணவர்களுக்கு அவர் உச்சரிப்பு பிடித்திருந்தது, இரண்டாவதைப் பார்த்தவர்களுக்கு அதே உச்சரிப்பு எரிச்சலாக இருந்தது. 'அவரைப் பிடிக்காததால் உச்சரிப்பும் பிடிக்காமல் போயிற்றா' என்று கேட்டால், இல்லை என்றார்கள். சிடுசிடுப்பைப் பார்த்தவர்களில் பலர் உச்சரிப்பு பிடிக்காததால்தான் ஆளையே பிடிக்கவில்லை என்று தலைகீழாகச் சொன்னார்கள். அதனால் 'பாரபட்சம் பார்க்காதீங்க' என்று மேனேஜரிடம் சொல்வதில் பெரிய பலன் இல்லை, அவர் தான் பார்ப்பதாகவே நினைக்கவில்லை.

சரி, அப்போது நான் என்ன செய்தேன்? பெரிய யோசனை எல்லாம் இல்லை. ஐந்து தலைப்பில் ஒன்றுக்கு மட்டும் விடை ஏற்கெனவே என்னிடம் இருந்தது: வருகை. கைரேகை மெஷினில் இருந்து எடுத்துப் பார்த்தேன். மூத்தவர் அந்த வருஷம் சொல்லாமல் கொள்ளாமல் எடுத்த லீவு 19 நாள். இளைஞர் 3 நாள். ஆனால் வருகைக்கு அவருக்கு 5, இவருக்கு 2. இதுதான் நான் இன்றுவரை முதலில் பார்க்கும் சோதனை. படிவத்தில் பதிவேடு வைத்துச் சரிபார்க்கக்கூடிய ஒரு தலைப்பாவது இருக்கும், அதை ஜுரம் பார்க்கும் தெர்மாமீட்டர் போல வைத்துக்கொள்ளுங்கள். எண்ணிப் பார்க்கக்கூடிய விஷயத்திலேயே மதிப்பெண் இவ்வளவு தப்பாக இருந்தால், எண்ண முடியாத 'ஒத்துழைப்பு' எப்படி இருக்கும் என்று யோசியுங்கள்.

சூப்பர்வைசரைக் கூப்பிட்டேன். என்னைவிட இருபது வயது மூத்தவர், நான் அண்ணே என்றுதான் பேசுவேன்.

"அண்ணே, இந்த வருகைக் கணக்கைக் கொஞ்சம் பாருங்களேன்."

பார்த்தார். "ஏம்மா, பத்தொன்பதா? மெஷின் தப்பா காட்டுதும்மா. அவரு அப்படி ஆள் கிடையாது."

மெஷின் சரியாகத்தான் காட்டியது, சூப்பர்வைசருடைய ஷிஃப்ட் நோட்டிலும் அதே நாட்களில் ஆள் மாற்றம் எழுதியிருந்தது, அதுவும் அவர் கையெழுத்திலேயே. ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "தரத்தையும் எடுத்துப் பாரு" என்றார்.

தரத்தில்தான் நான் சறுக்கப் பார்த்தேன். ரிஜெக்‌ஷன் கணக்கு எடுத்தால் மூத்தவருக்கு நூற்றுக்கு 4.1, இளைஞருக்கு 1.8. பார்த்தாயா என்று மனசுக்குள் ஒரு குதி. ஏனென்றால் இதற்குள் என் தலையில் இளைஞருக்கு ஒரு வட்டம் முளைத்துவிட்டது, எனக்குத்தான் அது தெரியவில்லை. சூப்பர்வைசர் சொன்னார், "அவரு பெரிய கேஸ்கெட் மோல்டு ஓட்டுறாரும்மா. இவன் ஓட்டுறது வாஷர். வாஷர்ல என்ன ரிஜெக்‌ஷன் வரும்?" உண்மைதான், பெரிய மோல்டில் ரப்பர் எல்லா மூலைக்கும் போய்ச் சேருவதே கஷ்டம், காற்று அடைத்துக் கொப்புளம் வரும். இரண்டு பேரும் ஓட்டிய ஒரே மோல்டு எது என்று தேடி அந்த நாட்களை மட்டும் எடுத்தோம். 2.9, 2.3. வித்தியாசம் இருக்கிறது, ஆனால் 5-க்கும் 2-க்கும் உள்ள வித்தியாசம் இல்லை. பதிவேட்டை நம்புங்கள், ஆனால் ஒரே வேலையை ஒரே வேலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகு நம்புங்கள்.

அடுத்ததாக நாங்கள் மாற்றியது, படிவத்தை நிரப்பும் திசை. எல்லோரும் ஒரு ஆளை எடுத்து இடமிருந்து வலமாக ஐந்து தலைப்பையும் ஒரே மூச்சில் போட்டு முடிப்பார்கள். முதல் 5 போட்ட பேனா இரண்டாவதிலும் 5-ஐத் தேடித்தான் போகும். அதற்குப் பதிலாக எல்லோர் பெயரையும் ஒரே தாளில் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதிக்கொண்டு மேலிருந்து கீழே போங்கள்: எட்டு பேருக்கும் பாதுகாப்பு மட்டும், அப்புறம் அந்தப் பத்தியை ஒரு தாளால் மூடிவிட்டு எட்டு பேருக்கும் தரம் மட்டும். முடிந்தால் ஒரு நாளைக்கு ஒரு தலைப்பு. நோபல் பரிசு பெற்ற டேனியல் கானமன் பேராசிரியராக இருந்தபோது விடைத்தாளை இப்படித்தான் திருத்தத் தொடங்கினார், எல்லோருடைய முதல் கேள்வியையும் முடித்த பிறகே இரண்டாவது கேள்வி. அப்படிச் செய்ததும் ஒரே மாணவனின் மதிப்பெண்கள் கேள்விக்குக் கேள்வி ஏறி இறங்கின, அவருக்கே முதலில் சங்கடமாக இருந்ததாம். எங்கள் சூப்பர்வைசருக்கும் அதே சங்கடம். பாதுகாப்பு என்று தனியாக உட்கார்ந்தபோதுதான், மூத்தவர் கையுறை இல்லாமல் சூடான மோல்டைத் தொட்டதற்காக இரண்டு தடவை தானே சத்தம் போட்டது அவருக்கு ஞாபகம் வந்தது. ஆளை நினைத்தபோது அது வரவே இல்லை.

நோட்டு எழுதுங்கள் என்று எல்லா மேலாண்மை வகுப்பிலும் சொல்வார்கள். வாரத்துக்கு ஆளுக்கு ஒரு வரி, தேதி போட்டு, நடந்ததை மட்டும். நல்லதுதான், எழுதுங்கள். ஆனால் பிடிக்காத ஆளுக்கு நோட்டிலும் தப்பு மட்டும்தான் ஏறும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒரு முறை புரட்டி, யார் பெயரில் நல்லது ஒன்றுகூட இல்லை, யார் பெயரில் கெட்டது ஒன்றுகூட இல்லை என்று பாருங்கள். அந்த இரண்டு பேரையும்தான் நீங்கள் பார்க்காமல் இருக்கிறீர்கள்.

இன்னொன்றைச் சொல்லாவிட்டால் இந்தப் பேச்சே ஆபத்து. ஒரே மாதிரி எண் வரிசையாக வந்தால் அது உடனே ஒளிவட்டம் ஆகிவிடாது. நிஜமாகவே எல்லாவற்றிலும் நன்றாக வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள், கவனமாக வேலை பார்ப்பவருக்குத் தரமும் பாதுகாப்பும் சேர்ந்தே வரும். 1980 வாக்கில் இதை ஆராய்ந்தார்கள்: 'வரிசையாக ஒரே எண் போடாதீர்கள்' என்று மதிப்பிடுகிறவர்களுக்குப் பயிற்சி கொடுத்தால் அவர்கள் எண்களைக் கலைத்துப் போடக் கற்றுக்கொண்டார்கள், மதிப்பீடு உண்மைக்குப் பக்கத்தில் வரவில்லை, இன்னும் தள்ளிப் போயிற்று. நானே பிற்பாடு ஒரு கம்பெனியில் இதைப் பார்த்தேன். மனிதவளத்திலிருந்து கேள்வி வரும் என்று தெரிந்ததும் மேனேஜர்கள் நடுவில் ஒரு 3-ஐச் செருகி அனுப்ப ஆரம்பித்தார்கள். 4, 4, 3, 4, 4. ஏன் அந்த 3 என்று கேட்டால் பதில் இருக்காது. அதனால் நான் இப்போது எண்ணைக் கேள்வி கேட்பதில்லை, 'இந்த எண்ணுக்கு எந்த நாள், என்ன நடந்தது' என்று மட்டும் கேட்கிறேன்.

கடைசியில் அந்த இரண்டு படிவம் எப்படி முடிந்தது? மூத்தவருக்கு வருகை 2, உற்பத்தி 4, தரம் 3, பாதுகாப்பு 3, ஒத்துழைப்பு 5. அந்த ராத்திரி வால்வை அடைத்தாரே, அதற்கு உரிய இடம் ஒத்துழைப்பில் இருக்கிறது, அங்கே முழு மதிப்பெண் வாங்கட்டும். அதற்குத் தனியாக ஒரு பரிசுத் தொகையும் கொடுத்திருக்கலாம், கம்பெனி கொடுக்கவில்லை, அதுதான் என் குறை. இளைஞருக்கு 5, 3, 4, 4, ஒத்துழைப்பில் மட்டும் 2. அதற்கு மேல் சூப்பர்வைசர் அசையவில்லை. ஒரு கூட்டத்தில் சத்தம் போட்டதைத் தவிர வேறு என்ன என்று கேட்டேன், சொல்லத் தெரியவில்லை, இருந்தும் மாற்றவில்லை. நானும் அதற்கு மேல் தள்ளவில்லை.

மறு வருஷம் மார்ச்சில் அவர் படிவங்களோடு வந்தார். பத்தி பத்தியாகத்தான் போட்டிருந்தார். இளைஞர் வரிசையில் நான்கு எண் இருந்தது, ஒத்துழைப்புக் கட்டம் மட்டும் காலி.

"இதை மட்டும் அடுத்த ஷிஃப்ட் சூப்பர்வைசர்கிட்ட கேட்டுப் போட்டுக்கம்மா," என்றார். "எனக்கு அவனைப் பார்த்தா இன்னும் அந்த மே மாசம்தான் ஞாபகம் வருது."