முகம் தெரியாத 1,800 எண்களும் ஒரு சுங்குடிக் கடையும்

கேள்வி: சார், மதுரையில் வீட்டிலிருந்தே சுங்குடிச் சேலை விற்கிறேன். தெரிந்தவர் ஒருவர் மூலம் 1,800 பேரின் பெயரும் எண்ணும் கிடைத்தன. பட்டியலை மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறேன். ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைக்கிற மாதிரி வாட்ஸ்அப் செய்தி எழுதித் தர முடியுமா?

பதில்: அந்தச் செய்தியை நான் எழுதித் தரப் போவதில்லை, பட்டியலையும் திறந்து பார்த்த அன்றே அழித்துவிட்டேன். அதில் பெயருக்கும் எண்ணுக்கும் அடுத்த கட்டத்தில் "10 பி", "8 ஏ" என்று வகுப்பும் பிரிவும் இருந்தன. அதாவது, பிள்ளைகளின் படிப்புக்காகப் பெற்றோர் எங்கோ எழுதிக் கொடுத்த எண்கள் அவை. சேலை வியாபாரத்துக்காக அவர்களில் ஒருவரும் எண் கொடுக்கவில்லை. எந்த நோக்கத்துக்காகச் சம்மதம் பெறப்பட்டதோ அதற்கு மட்டுமே தகவலைப் பயன்படுத்தலாம் என்பதுதான் 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையும்கூட.

பெயர் சொல்லி அழைத்தால் நெருக்கம் வரும் என்று நினைக்கிறீர்கள். அறிமுகமில்லாத எண்ணிலிருந்து தன் பெயரோடு செய்தி வந்தால், "என் பெயர் இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?" என்றுதான் முதலில் தோன்றும், சேலையின் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே விரல் 'பிளாக்' பொத்தானுக்குப் போய்விடும். அப்படிப் பலர் தடுத்துப் புகாரும் அளித்தால் வாட்ஸ்அப் உங்கள் எண்ணையே முடக்கிவிடக்கூடும். வழக்கமாக வாங்குகிறவர்களின் ஆர்டர்களும் அந்த எண்ணுக்குத்தானே வருகின்றன? மேலும், பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேரைத்தான் சேர்க்க முடியும், அதிலும் உங்கள் எண்ணைத் தங்கள் கைப்பேசியில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும்.

ஆகவே முதல் செய்தி அவர்களிடமிருந்து வரட்டும். வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் உங்கள் எண்ணுக்கான கியூஆர் குறியீட்டை எடுத்து, ஒவ்வொரு சேலைப் பையிலும் ஒரு சிறு அட்டையாக வையுங்கள். அந்த அட்டைக்கான வாசகத்தை மகிழ்ச்சியோடு எழுதித் தருகிறேன்:

"புதிய சுங்குடிச் சேலைகளின் படங்கள் வேண்டுமென்றால், இந்த எண்ணைச் சேமித்துக்கொண்டு 'சேலை' என்று அனுப்புங்கள். மாதம் இரண்டு முறைக்கு மேல் அனுப்ப மாட்டோம். வேண்டாம் என்று தோன்றினால் 'நிறுத்து' என்று அனுப்பினால் போதும்."

'நிறுத்து' என்று வந்தால் அன்றே நீக்கிவிட வேண்டும். சித்திரைத் திருவிழா விற்பனை முடியட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது. 'சேலை' என்று வந்த செய்திகளை அழிக்காமல் வைத்திருங்கள், யார் எப்போது சம்மதித்தார் என்பதற்கு அதுவே சான்று. உங்களிடம் பழைய பில் புத்தகமும் இருக்கும். அதிலுள்ள எண்கள் பில்லுக்காகத் தந்தவை என்பதால் அவற்றையும் அப்படியே சேர்த்துவிடாமல், அடுத்த முறை அவர்கள் வாங்க வரும்போது நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். மூன்று மாதத்தில் 60 பேர்தான் சேருவார்கள் என்றாலும், அந்த 60 பேரும் படம் அனுப்பச் சொல்லிக் கேட்டவர்களாக இருப்பார்கள்.